வேலை கூடிவிட்டது என்று பிரெஞ்சு மேலாளரிடம் சொல்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாரிஸ் புறநகரில் ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தெரிந்தவர்கள் பிரெஞ்சில் கடிதமும் மின்னஞ்சலும் எழுதித்தரச் சொல்லி வீட்டுக்கு வருவார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு ஒரே கவலைதான். வேலை தாங்க முடியாத அளவு கூடிவிட்டது, ஆனால் ஷெஃபிடம் வாய் திறக்கப் பயம். அவர்கள் கேட்டவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே கீழே தந்திருக்கிறேன். சட்டம் பற்றி வரும் இடங்களில் நான் சொல்வது பிரான்ஸ் நாட்டுச் சட்டம் மட்டுமே.

பிரெஞ்சு வசனங்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். மின்னஞ்சலில் எழுத வேண்டுமானால் கைபேசி விசைப்பலகையைப் பிரெஞ்சுக்கு மாற்றி, ஒலிவாங்கியை அழுத்தி வாயால் சொல்லுங்கள். பெரும்பாலும் எழுத்துப்பிழை இல்லாமல் வந்துவிடும்.

"அக்கா, வேலை கூடிப்போச்சு எண்டு சொன்னா குறை சொல்லுறன் எண்டு நினைக்கமாட்டாரா?"

நீங்கள் சொல்லும் வசனம் யாரைப் பற்றியது என்பதைப் பொறுத்தது. "ஜ சுயி தெபோர்தே", அதாவது நான் வேலையில் மூழ்கிக் கிடக்கிறேன் என்பது உங்களைப் பற்றிய வசனம். பிரெஞ்சு அலுவலகத்தில் எல்லோரும் நாள் முழுக்க இதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கேட்பவர் "போன் குராஜ்", மனம் தளராதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்த வசனத்தில் அவர் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை, அவ்வளவுதான்.

இதையே வேலையைப் பற்றிய வசனமாக மாற்றிப் பாருங்கள். "வியாழனுக்குள் மாதக் கணக்கும் முடிய வேண்டும், புதிய வாடிக்கையாளரின் கோப்பும் முடிய வேண்டும். இரண்டுக்கும் 14 மணி நேரம் வேண்டும், எனக்கு இருப்பது 9 மணி நேரம். எதை முதலில் முடிக்கட்டும்?" இதில் குறையும் இல்லை, மறுப்பும் இல்லை. அவர் எடுக்க வேண்டிய ஒரு முடிவு இருக்கிறது. பிரெஞ்சில் இதற்கு "அர்பித்ராஜ்" என்று ஒரு சொல் உண்டு. கால்பந்து நடுவருக்கு "அர்பித்ர்" என்கிறார்களே, அதே வேர்ச்சொல். இரண்டு வேலைகள் மோதும்போது எது முந்துவது என்று தீர்ப்பது மேலாளரின் வேலை என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தத் தீர்ப்பைக் கேட்டுப் போகிறவரை யாரும் குறை சொல்ல வந்தவராகப் பார்ப்பதில்லை.

"எந்தெந்தச் சொல்லுகள் சொல்லக்கூடாது?"

முதலில் "ச நெ பா மோன் த்ரவாய்", இது என் வேலை இல்லை. உண்மையிலேயே உங்கள் வேலை இல்லாவிட்டாலும், முதல் பேச்சில் இது மறுப்பாகவே காதில் விழும். அடுத்தது "ஜ நி அரீவ் பா", என்னால் முடியவில்லை. நாம் நேரம் போதவில்லை என்ற பொருளில் சொல்வோம். அவர் காதில் திறமை போதவில்லை என்று விழக்கூடும், பயிற்சிக்கு அனுப்பட்டுமா என்று கேட்பார். மூன்றாவது "செ த்ரோ", இது அதிகம். எதைவிட அதிகம், எவ்வளவு அதிகம் என்று சொல்லாதவரை அது வெறும் முனகல்.

வேண்டும் என்பதற்கு "ஜ வெ" என்று சொல்லாதீர்கள். மேலாளரிடம் அது அதட்டல் போலக் கேட்கும். "ஜ வுத்ரே" அல்லது இன்னும் மென்மையாக "ஜ சுவேத்தரே" என்று வினைச்சொல்லைச் சற்று வளைத்துச் சொன்னால் அதே கோரிக்கை பணிவாகிவிடும். தமிழில் "தா" என்பதற்கும் "தர முடியுமா" என்பதற்கும் உள்ள தூரம்தான் இது. நம்மவர்கள் பலர் வார்த்தையைச் சரியாகப் பிடித்துவிட்டு இந்த வளைவை விட்டுவிடுகிறார்கள்.

"முதல் வசனம்தான் வருதில்லை. என்ன சொல்லித் தொடங்குறது?"

இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "எஸ் கோன் பூரே ஃபேர் அன் புவான் து கேன்ஸ் மினூத் சூர் மெ ப்ரியோரிதே?" என் வேலைகளில் எது முதல், எது பிறகு என்று 15 நிமிடம் பார்க்கலாமா என்று பொருள். "ஃபேர் அன் புவான்" என்பது அலுவலகத்தில் அன்றாடம் கேட்கும் தொடர், நிலவரம் எப்படி என்று சேர்ந்து உட்கார்ந்து பார்ப்பது. யாரும் மிரள மாட்டார்கள். அதற்குப் பதிலாக "உங்களோடு பேச வேண்டும்" என்று மட்டும் சொன்னால் வேலையை விடப்போகிறீர்கள் என்றே நினைப்பார்.

15 நிமிடம் என்று நேரத்தைச் சொல்வது முக்கியம். நீண்ட புலம்பல் இல்லை என்ற உறுதி அதில் இருக்கிறது.

"எப்ப கேக்கலாம்? தனியா ஆள் அகப்படுறதே கஷ்டம்."

வேலை தேங்கிய பிறகு கேட்காதீர்கள், தேங்கப்போகிறது என்று தெரிந்த அன்றே கேளுங்கள். குறித்த நாளுக்கு 4 நாள் முன்பு சொன்னால் அது முன்னெச்சரிக்கை. குறித்த நாள் காலையில் சொன்னால் அது சாக்கு. சொல்லும் செய்தி இரண்டிலும் ஒன்றுதான்.

மற்றவர்கள் இருக்கும் கூட்டத்தில் கேட்காதீர்கள். அவர்கள் முன்னால் அவர் விட்டுக்கொடுக்க முடியாமல் போகும். வெள்ளி மாலையும் வேண்டாம். காப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று "செவ்வாய் காலை நேரம் இருக்குமா" என்று நாள் குறித்துக்கொள்ளலாம், விஷயத்தை அங்கே பேசக்கூடாது.

"அவர் என்னை 'த்யூ' எண்டு கூப்பிடுறார். நானும் அப்பிடிக் கதைக்கலாமோ?"

அவரே "த்யூ", அதாவது நீ என்று சொல்லச் சொல்லியிருந்தால் சொல்லுங்கள். வேலைச்சுமை பற்றிப் பேசும் அன்று மட்டும் திடீரென்று நீங்கள் என்னும் "வூ"வுக்குத் தாவினால், நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்றோ பின்னால் சட்டத்தரணி நிற்கிறார் என்றோ தோன்றும். அவர் இதுவரை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை என்றால் "வூ"விலேயே இருங்கள். வழக்கத்தை அன்றைக்கு மாற்றாமல் இருப்பதுதான் முக்கியம்.

"கையில என்ன கொண்டு போகணும்? வாயால சொன்னாப் போதாதா?"

ஒரு தாள் வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் தாளை அப்படியே காட்டுகிறேன். கணக்கு உதவியாளர், வாரம் 35 மணி நேர ஒப்பந்தம். பக்கத்து மேசைத் தோழி முதல் குழந்தைக்காக மகப்பேற்று விடுப்பில் போனார். பிரான்சில் அது 16 வாரம். அவர் செய்துவந்த வாடிக்கையாளர் பில் போடும் வேலையும் இவர் தலையில் விழுந்தது. என்னிடம் வந்தபோது "மூச்சு விட முடியவில்லை அக்கா" என்பதைத் தவிர அவரிடம் சொல்ல வேறொன்றும் இல்லை.

ஒரு வாரம் குறித்துவைக்கச் சொன்னேன். விற்பனையாளர்களின் பில்கள் வாரத்துக்குச் சுமார் 120, ஒன்றுக்கு 5 நிமிடம், ஆக 10 மணி நேரம். தொலைபேசியும் மின்னஞ்சலும் 6. பணம் கட்டாதவர்களுக்கு நினைவூட்டும் "ரலான்ஸ்" வேலை 6. வங்கிக் கணக்கைச் சரிபார்ப்பது 4. ஊழியர்களின் செலவுச் சீட்டுகள் 3. மாத முடிவுக் கணக்குக்கான ஆயத்தம், வாரத்துக்குப் பங்கிட்டால் 4. மொத்தம் 33. தோழியின் வேலை 9 மணி நேரம். கூட்டினால் 42, அதாவது வாரத்துக்கு 7 மணி நேரம் இடிக்கிறது. மூச்சு விட முடியாததற்கு இப்போது ஓர் அளவு கிடைத்துவிட்டது.

எண்ணோடு நிறுத்தக்கூடாது, வழியும் கொண்டுபோக வேண்டும். அவர் மூன்று வழி எழுதினார். முதல் வழி: நினைவூட்டலை வாரம் ஒருமுறைக்குப் பதிலாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை செய்தால் 3 மணி நேரம் மிஞ்சும், செலவுச் சீட்டை மாதம் ஒருமுறை சேர்த்துப் பார்த்தால் 2, காலையில் தொலைபேசியை வேறொருவர் எடுத்தால் 2. ஆக 7. இரண்டாம் வழி: அந்த 7 மணி நேரத்தையும் கூலியோடு மேலதிக நேரமாகச் செய்வது. மூன்றாம் வழி: 9 மணி நேர வேலையில் பெரும்பகுதிக்குத் தற்காலிக ஆள் எடுப்பது. ஒவ்வொரு வழியின் பக்கத்திலும் அதனால் என்ன நட்டம் என்றும் எழுதினார். நினைவூட்டல் தள்ளிப்போனால் பணம் வருவதும் தள்ளிப்போகும். அதை மறைத்திருந்தால் மேலாளரே கண்டுபிடித்திருப்பார், மற்ற எண்களையும் நம்பியிருக்க மாட்டார்.

தாளின் கடைசியில் ஒரு கேள்வி: "கொமான் சுவேதே வூ கு ஜ ம ஒர்கனீஸ்?" நான் எப்படி ஒழுங்கு செய்துகொள்வதை நீங்கள் விரும்புகிறீர்கள்? மேலாளர் முதல் வழியைத் தேர்ந்தெடுத்து, பெரிய வாடிக்கையாளர்கள் ஐந்து பேருக்கு மட்டும் வாராவாரம் நினைவூட்டச் சொன்னார். பேச்சு 20 நிமிடத்தில் முடிந்தது.

"புது வேலை தரேக்க 'தக்கோர்' எண்டு சொல்லிட்டன். இனி எப்பிடி மாத்திக் கதைக்கிறது?"

நம்மிடம் "சரி" என்பதற்குக் கேட்டுக்கொண்டேன் என்றும் ஒரு பொருள் உண்டு. பெரியவர் பேசும்போது "சரி, சரி" என்று சொல்லிக்கொண்டே இருப்பது மரியாதை. மேலாளர் காதில் "தக்கோர்" அப்படி விழாது. ஏற்றுக்கொண்டேன், குறித்த நாளில் தருவேன் என்ற வாக்காகவே விழும். பிறகு தராவிட்டால், நேரம் போதவில்லை என்று அவர் நினைப்பதைவிட, சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை என்றே நினைப்பார். நம்மவர்கள்மீது விழும் தப்பான பெயர்களில் பாதி இந்த ஒரு சொல்லால் வருகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகும்.

சொல்லிவிட்டீர்கள் என்றால் அன்றே, அல்லது மறுநாள் காலையிலேயே திரும்பிப் போங்கள். "ஜே ரகார்தே மோன் ப்ளானிங்", என் வேலை அட்டவணையைப் பார்த்தேன் என்று தொடங்கி, இதை வெள்ளிக்குள் தரலாம், ஆனால் அதற்கு இன்னொன்று திங்களுக்குப் போக வேண்டும் என்று சொல்லுங்கள். அட்டவணையைப் பார்த்த பிறகு வரும் திருத்தத்தை யாரும் பின்வாங்கலாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வாரம் கழித்துச் சொன்னால் நிச்சயம் எடுத்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை "தக்கோர்" வாயில் வரும் முன் இதைச் சொல்லிப் பழகுங்கள்: "ஜே பியான் கொம்ப்ரி. ஜ ரகார்த் மோன் ப்ளானிங் எ ஜ ரவியான் வேர் வூ அவான் மிதி." புரிந்துகொண்டேன், அட்டவணையைப் பார்த்துவிட்டு நண்பகலுக்குள் வந்து சொல்கிறேன். சொன்னபடி நண்பகலுக்குள் போகவும் வேண்டும்.

"எடுத்ததுமே 'நோன்'னு சொல்லிட்டாரு. அதுக்கு மேல பேசினா எதிர்த்துப் பேசுற மாதிரி ஆகாதா?"

புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு தம்பி கேட்டது. ஆகாது. நான் பார்த்த பிரெஞ்சு மேலாளர்களில் பலருக்கு முதல் "நோன்" என்பது பேச்சின் தொடக்கம். எதிர்வாதம் செய்து பார்ப்பது அங்கே பள்ளிக்கூடத்திலேயே ஊறிய பழக்கம். உங்கள் யோசனை எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்று தட்டிப் பார்க்கிறார். நாம் உடனே தலையைக் குனிந்து திரும்பிவிட்டால், உண்மையில் பெரிய சிக்கல் ஒன்றும் இல்லை போலும் என்று எடுத்துக்கொள்வார்.

குரலை உயர்த்தாமல் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கெஸ்க் கி வூ ஜேன் தான் செத் சொலுசியோன்?" இந்த வழியில் உங்களுக்கு எது இடைஞ்சல்? பதிலில் உண்மையான தடை வெளியே வரும். பெரும்பாலும் அது உங்களைப் பற்றியதாக இருக்காது, அவருக்கு மேலே உள்ளவருக்கு அவர் கொடுத்த ஒரு தேதியாக இருக்கும். அதன் பிறகு தாளில் உள்ள இரண்டாம் வழிக்குப் போகலாம். இரண்டாவது முறையும் காரணத்தோடு மறுத்தால் அன்றைக்கு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"எது முக்கியம் எண்டு கேட்டா, 'எல்லாம்தான்' எண்டுறார்."

"தூ தெ ப்ரியோரித்தேர்" என்ற இந்தப் பதில் எனக்கும் பலமுறை கிடைத்திருக்கிறது. முக்கியத்துவத்தைக் கேட்டால் இப்படித்தான் வரும், எந்த வேலையையும் முக்கியமில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வராது. கேள்வியைத் திருப்பிப் போடுங்கள்: "இவற்றில் ஒன்று பிந்தியே ஆக வேண்டுமென்றால், எது பிந்தினால் உங்களுக்கு இடைஞ்சல் குறைவு?" பிரெஞ்சில் கடைசிப் பகுதி "லகெல் வூ ஜேன் ல முவான்?" இதற்கு அநேகமாக ஐந்து விநாடியில் பதில் வந்துவிடும்.

அதற்கும் பதில் வராவிட்டால் வரிசையை நீங்களே போட்டு, இந்த வரிசையில் செய்யப்போகிறேன் என்று சொல்லுங்கள். எழுதப்பட்ட வரிசையைத் திருத்துவது அவருக்குச் சுலபம், வெறும் தாளில் எழுதுவதுதான் கடினம்.

"'உங்களுக்கு ஒழுங்கா வேலையைத் திட்டமிடத் தெரியேல்லை' எண்டு சொல்லிட்டார். அழுகையே வந்திட்டுது."

வலிக்கும் வார்த்தைதான். எனக்கும் ஒருமுறை சொன்னார்கள். அன்று நான் செய்த தவறு, வரிக்கு வரி என்னைக் காத்துப் பேசியது. பேச்சு முழுவதும் என்னைப் பற்றியதாக மாறி, வேலை எங்கோ போய்விட்டது. முதல் பதிலில் சொன்ன அதே பொறியில் மறுபக்கமாக விழுந்தேன்.

இப்போது நான் சொல்லித்தருவது இதுதான்: "செ பொசீபில். எஸ் கு வூ பூரியே ரகார்தே மா லீஸ்த் அவெக் முவா?" இருக்கலாம், என் பட்டியலை என்னோடு சேர்ந்து பார்ப்பீர்களா? மணிக்கணக்கோடு உள்ள தாளை அவர் முன் வையுங்கள். 120 பில்லை 5 நிமிட வீதம் யார் போட்டாலும் 10 மணி நேரம்தான். சில சமயம் அவர் சொன்னதில் உண்மையும் இருக்கும். ஒரு தோழியின் பட்டியலைப் பார்த்த மேலாளர், அவள் ஒரே தகவலை இரண்டு மென்பொருளில் பதிந்துகொண்டிருந்ததைக் கண்டுபிடித்து ஒன்றை நிறுத்திவிட்டார். வாரத்துக்கு 3 மணி நேரம் மிஞ்சியது.

"பேசினதை மெயில்ல போட்டா, சண்டைக்கு ஆதாரம் சேக்கிற மாதிரி இருக்காதா?"

பேசாமல் நேரடியாக மின்னஞ்சல் போட்டால் அப்படித்தான் இருக்கும். மனிதவளப் பிரிவுக்கு நகல் போட்டால் கட்டாயம் அப்படித்தான். பேசி முடித்த அன்று மாலையே, அவருக்கு மட்டும், ஆறேழு வரியில் எழுதினால் அது வெறும் குறிப்பு. பிரெஞ்சு அலுவலகங்களில் பேச்சை எழுத்தில் போட்டுவைப்பது சாதாரண வழக்கம்.

தலைப்பில் "ஷார்ஜ் து த்ரவாய்" என்று வேலைச்சுமையைப் போடாமல் "ப்ரியோரிதே" என்றும் வாரத்தின் தேதியையும் போடுங்கள். உள்ளே "சுயித் ஆ நோத்ர் எஷான்ஜ்", நாம் பேசியதைத் தொடர்ந்து என்று ஆரம்பித்து, முடிவுகளை மட்டும் தேதியோடு எழுதுங்கள். யார் என்ன சொன்னார்கள், எப்படிச் சொன்னார்கள் என்பது வேண்டாம். ஏதாவது முடிவாகாமல் நின்றிருந்தால் "சோஃப் ரத்தூர் து வோத்ர் பார்" என்று ஒரு வரி: புதன் நண்பகலுக்குள் உங்களிடமிருந்து வேறு பதில் வராவிட்டால் இப்படியே செய்கிறேன். "பார்க்கலாம்" என்று தள்ளிப்போடும் மேலாளர்களுக்கு இந்த வரி நல்ல மருந்து. மன்னிப்பு கேட்டு ஒரு வரிகூட எழுதாதீர்கள். மன்னிப்பு இருந்தால் தவறும் இருக்கிறது என்று ஆகிவிடும்.

"ஓவர்டைம் செய்யச் சொன்னா ஏலாது எண்டு சொல்லலாமோ?"

கவனம். சட்ட எல்லைக்குள் முதலாளி கேட்கும் மேலதிக நேரத்தைத் தக்க காரணம் இல்லாமல் மறுப்பது பிரான்சில் தவறாகக் கருதப்படலாம். அதனால் மின்னஞ்சலில் "ஜ ரஃப்யூஸ்", நான் மறுக்கிறேன் என்ற சொல்லை ஒருபோதும் எழுதாதீர்கள். அந்த நேரத்துக்குக் கூலி உண்டு. உங்கள் நிறுவனத்துக்கோ துறைக்கோ வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் 8 மணி நேரத்துக்கு 25 விழுக்காடும் அதற்கு மேல் 50 விழுக்காடும் கூடுதலாகத் தர வேண்டும்.

எல்லையும் உண்டு. பொதுவாக நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 48, தொடர்ந்து 12 வாரத்தின் சராசரி 44. இரண்டு வேலை நாளுக்கு நடுவில் 11 மணி நேர ஓய்வு. மேலே சொன்ன பெண்ணின் 42 மணி நேரம் இந்த எல்லைக்குள்தான் இருந்தது, அதனால்தான் மேலதிக நேரத்தை இரண்டாம் வழியாக எழுத முடிந்தது. எல்லை தாண்டும் நிலை வந்தால் சட்ட எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு போகாதீர்கள். "இந்த வாரம் 48ஐத் தாண்டும்போல் இருக்கிறது, எப்படிச் சமாளிப்போம்?" என்று கேளுங்கள். அவருக்கு அந்த எண் தெரியும்.

"நான் காத்ர், 'ஃபோர்ஃபே ஜூர்' ஒப்பந்தம். எனக்கு மணிக்கணக்கே கிடையாதே?"

பெரும்பாலும் காத்ர் எனப்படும் அதிகாரி நிலை ஊழியர்களுக்கு, மணியை எண்ணாமல் ஆண்டுக்கு இத்தனை நாள் வேலை என்று போடும் ஒப்பந்தம் இது. நாளுக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 48 என்ற எல்லைகள் உங்களுக்குப் பொருந்தாது. ஆனால் ஆண்டுக்கு 218 நாள் என்ற சட்ட உச்சவரம்பும், தினசரி 11 மணி நேர ஓய்வும் பொருந்தும். அதைவிட உங்களுக்கு உதவக்கூடிய ஒன்று உண்டு. இந்த ஒப்பந்தத்தில் உள்ளவரின் வேலைச்சுமை நியாயமான அளவில் இருக்கிறதா என்று முதலாளி தவறாமல் பார்த்துவர வேண்டும் என்பது சட்டம். அதற்காக ஊழியரோடு குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை ஒரு சந்திப்பும் நடத்த வேண்டும்.

ஆகவே உங்களுக்குச் சாக்கு தேட வேண்டியதில்லை. "ஃபோர்ஃபே ஜூர் சந்திப்பை இந்த மாதம் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டால் போதும். நிறுவனமே செய்ய வேண்டிய ஒன்றை நினைவூட்டுகிறீர்கள். தாளை மணிக்குப் பதில் நாள்களில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

"நான் ரெஸ்ரோரண்ட் குசினியில நிக்கிறன். எனக்கு மெயிலும் இல்லை, மீற்றிங்கும் இல்லை."

மதியச் சாப்பாட்டு நேரமும் இரவு நேரமும் நடக்கும்போது வாயே திறக்காதீர்கள், இரண்டுக்கும் நடுவிலுள்ள ஓய்வில் கேளுங்கள். எண்ணும் வழியும் அங்கேயும் வேண்டும். "சனிக்கிழமை 90 பேர் சாப்பிடுகிறார்கள், பாத்திரம் கழுவுவதும் காய் வெட்டுவதும் நான் ஒருவன்தான். காயை வெள்ளி மாலையே வெட்டி வைக்கட்டுமா?" முடிவானதைப் பிறகு ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பிவையுங்கள்.

"நித்திரையே வருதில்லை, நெஞ்சு படபடக்குது. இதையும் ஷெஃபிட்டச் சொல்லணுமோ?"

வேண்டியதில்லை. வேலையின் அளவை மேலாளரிடம் பேசுங்கள், உடம்பை மருத்துவரிடம் பேசுங்கள். உங்கள் குடும்ப மருத்துவரைத் தவிர "மெத்சேன் து த்ரவாய்" என்ற தொழில் மருத்துவரும் இருக்கிறார். நீங்களே கேட்டு அவரைப் பார்க்கலாம், அப்படிக் கேட்டதற்காக உங்களைத் தண்டிக்கக் கூடாது. நீங்கள் சொல்லும் உடல்நல விவரங்களை அவர் முதலாளியிடம் சொல்ல மாட்டார், ஆனால் வேலையை இப்படி மாற்றுங்கள் என்று எழுத அவருக்கு அதிகாரம் உண்டு.

நித்திரை கெட்டு இரண்டு வாரமாகிவிட்டால், இந்தப் பக்கத்தில் உள்ள வசனங்களைப் பழகிக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் முதலில் அவரிடம் நாள் கேளுங்கள்.

"ஓம் எண்டு ஒத்துக்கொண்டார். மூண்டு கிழமையில எல்லாம் பழையபடி. திரும்பவும் போய் நிண்டா நல்லாவா இருக்கும்?"

திரும்பப் போகலாம், ஆனால் புதிதாகத் தொடங்காதீர்கள். அன்று மாலை அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்து அதற்கே பதில் எழுதுங்கள். பழைய முடிவு கீழே தானாகத் தெரியும், நீங்கள் அதைச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. மேலே மூன்று வரி போதும்: அன்று முடிவு செய்தபோது வாரத்துக்கு இத்தனை மணி நேரம், அதன் பிறகு இந்த இரண்டு வேலை சேர்ந்தது, இப்போது இத்தனை மணி நேரம். கடைசியில் மறுபடியும் 15 நிமிட "புவான்".

மறந்துவிட்டீர்களே என்ற தொனி வரக்கூடாது. அவர் மறக்காமலும் இருக்கலாம். மேலிருந்து புதிய வேலை வந்து, கையில் இருக்கும் நம்பிக்கையான ஆளிடம் கொடுத்திருப்பார். மேலே சொன்ன பெண்ணுக்கும் ஆறாம் வாரம் இதுதான் நடந்தது. அதே அஞ்சலுக்குப் பதில் எழுதினார். இம்முறை மேலாளர் மூன்றாம் வழியை எடுத்து, தோழி திரும்பி வரும்வரை வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு தற்காலிக ஆளை வைத்தார்.